சப்ஜெக்டை மாற்றினால் மெயில் பிரியுமா, பிரியாதா?

மெர்ச்சி_திருப்பூர்:
நேற்று வேறொரு இழையில் ஜிமெயில்ராஜா எழுதியது: "மெயில் நீண்டு பேச்சு வேறு பக்கம் போனால் சப்ஜெக்டை மட்டும் மாற்றுங்கள், அது தனி மெயிலாகப் பிரிந்துவிடும். புது மெயில் எழுதுவது வெட்டி வேலை." இது உண்மையா? எங்கள் ஆபீஸில் இதை வைத்துத்தான் தினம் சண்டை. நான் தண்டர்பேர்ட், எங்கள் மேனேஜர் ஜிமெயில், ஜெர்மனி பையர் அவுட்லுக்.

தந்திக்கம்பம்:
பிரியாது. இதை அந்த இழையிலேயே சொன்னேன், ராஜா சார் ஒரு ஸ்மைலி போட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் ரிப்ளை அழுத்திய நொடியில் அந்த மெயிலுக்கு அப்பன் யார், தாத்தா யார் என்று உள்ளே எழுதியாகிவிட்டது. மேலே சப்ஜெக்டில் என்ன கிறுக்கினாலும் அது மாறாது. தண்டர்பேர்டில் Ctrl+U அழுத்திப் பாருங்கள், இப்படி இருக்கும்:

```
Subject: Zip delay (was: Style 2207 shade approval)
Message-ID: <c3@example.com>
In-Reply-To: <b2@example.com>
References: <a1@example.com> <b2@example.com>
```

சப்ஜெக்ட் புதுசு. கீழே இரண்டு வரியும் பழசு. தண்டர்பேர்ட் அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் கோர்க்கிறது. ஆகவே உங்கள் ஜிப் மெயில் ஷேடு மெயிலின் வாலிலேயே தொங்கும்.

ஜிமெயில்ராஜா:
வந்துவிட்டார் ஐயா. நான் எழுதியது ஜிமெயிலுக்கு. ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் தனி உரையாடலாகப் பிரியும், கூகுளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. நூறு மெயிலைத் தாண்டினாலும் பிரியும். ரிப்ளை பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் Edit subject வரும். எத்தனை வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பிரிகிறது. கண்ணால் பார்த்ததைப் பிரியாது என்றால் நான் என்ன செய்ய?

தந்திக்கம்பம்:
"நான் எழுதியது ஜிமெயிலுக்கு" என்ற ஐந்தெழுத்து நேற்றைய பதிவில் எங்கே இருந்தது? "மெயில் பிரியும்" என்றுதான் எழுதினீர்கள். மெயிலை அனுப்புவது நீங்கள், படிப்பது எதிராளி. உங்கள் திரையில் பிரிந்து என்ன பிரயோஜனம்?

ஜிமெயில்ராஜா:
ஐந்தெழுத்தா? எண்ணிப் பாருங்கள், அது மூன்று வார்த்தை. முதலில் தமிழ், அப்புறம் மெயில்.

பென்ஷன்_பெரியவர்:
தம்பிகளா, இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்? அரசுக் கடிதத்தில் "பொருள்:" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "பார்வை:" என்று ஒரு வரி. பொருளில் இன்றைய விஷயம். பார்வையில் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும். பொருள் மாறினால் தனிக் கோப்பு, தனி ந.க. எண். பழையது தேவையென்றால் பார்வையில் குறித்தால் முடிந்தது. நாங்கள் மெயில் இல்லாமலேயே இதைச் செய்தோம். இப்போது கூட வாட்ஸாப் குழுவின் பெயரை யாரோ தினம் மாற்றுகிறார்கள், அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

தந்திக்கம்பம்:
பெரியவர் சொன்னதுதான் சாரம். References வரிதான் பார்வை. ராஜா சார் பொருளை மாற்றிவிட்டுப் பார்வையை அப்படியே விட்டுவிடுகிறார், பிறகு கோப்பு பிரிந்துவிட்டது என்கிறார். (வாட்ஸாப் வேறு கதை ஐயா.)

வாணி_ஈரோடு:
பிரிகிறதா இல்லையா என்பதை விடுங்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். பையரோடு விலை பேசிய மெயில் பதினைந்து இருபது ரிப்ளை ஓடியது. அதில் ஜிப் பற்றிப் பேச்சு வந்ததும் எங்கள் பையன் சப்ஜெக்டை "ஜிப் டெலிவரி" என்று அழகாக மாற்றி, ஜிப் சப்ளையரை Cc-யில் சேர்த்து அனுப்பிவிட்டான். தலை மாறியது, வயிறு மாறவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் பையரின் டார்கெட் விலை, எங்கள் காஸ்டிங், எல்லாம் இருக்கிறது. மறுநாள் சப்ளையர் ஏற்றிச் சொன்ன விலையைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்தது, அவர் கடைசி வரை படித்திருக்கிறார் என்று. அன்றிலிருந்து எங்கள் டேபிளில் ஒரே சட்டம்: புது ஆள் உள்ளே வருகிறார் என்றால் புது மெயில்.

ஜிமெயில்ராஜா:
மேடம், அது கீழே இருப்பதை அழிக்காத பையனின் தப்பு. சப்ஜெக்ட் என்ன செய்யும்?

வாணி_ஈரோடு:
எல்லாரும் அழிப்பார்கள் என்று நம்பி அனுப்ப முடியாது சார். புது மெயிலில் அழிக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

மெர்ச்சி_திருப்பூர்:
எங்கள் பிரச்சினை கொஞ்சம் வேறு. 2207 ஸ்டைலில் நேவி ஷேடுக்குச் சாயம் போட்ட மாதிரித் துண்டுகளை லேப் டிப் A, B, C என்று அனுப்பினோம், B ஓகே ஆனது. அதே மெயிலில் ஜிப் தாமதம் என்று சப்ஜெக்டை மாற்றிப் போட்டேன். எங்கள் சாம்பிளிங் அக்கா அதைப் பார்க்கவே இல்லை. "எனக்கு வரவில்லை" என்று சத்தியம் செய்கிறார். அவரும் தண்டர்பேர்ட்தான். ஸ்பேமிலும் இல்லை.

தந்திக்கம்பம்:
அக்காவிடம் ஒன்று கேளுங்கள். ஷேடு ஓகே ஆனதும் அந்த மெயில் மேல் K அழுத்தினாரா? தண்டர்பேர்டில் K என்றால் இந்த இழையே இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த இழைக்கு வரும் எந்த ரிப்ளையும் படித்ததாகக் குறிக்கப்பட்டு மறைந்துவிடும். உங்கள் ஜிப் மெயிலுக்கு ஷேடு மெயில்தானே அப்பன்? அதோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. View மெனுவில் Threads, அதில் Ignored Threads-ஐ டிக் செய்யச் சொல்லுங்கள், எழுந்து வரும். பெரும்பாலும் விரல் தவறிப் பட்ட K ஆக இருக்கும், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

இதுதான் நான் தொண்டை கிழியச் சொல்வது. சப்ஜெக்ட் மாற்றினால் பிரியாது. பிரியாது. பிரிந்த மாதிரி தெரியும், ஒரு சில இடத்தில்.

ஜிமெயில்ராஜா:
ஜிமெயிலில் Mute போட்டவருக்கு நான் சப்ஜெக்டை மாற்றி அனுப்பினால் அது புது உரையாடலாக வந்து நிற்கும். ஆக என் முறையில் அக்காவுக்கு மெயில் கிடைத்திருக்கும். பிரிகிறது. பிரிகிறது. நானும் இரண்டு முறை எழுதத் தெரிந்தவன்.

தந்திக்கம்பம்:
அக்கா தண்டர்பேர்ட் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

மெர்ச்சி_திருப்பூர்:
K தான்! அக்காவே சிரிக்கிறார். ஜிப் மெயில் ஆறும் உள்ளே கிடக்கின்றன. சரி, இனி என்ன செய்வது? புது மெயில் போட்டால் பையர் "எந்த ஸ்டைல், என்ன பேசினோம்" என்று கேட்கிறார். அதற்குத்தான் எங்கள் மேனேஜர் ரிப்ளையிலேயே போடச் சொல்கிறார்.

ஜிமெயில்ராஜா:
உங்கள் மேனேஜர் விவரமானவர். புது மெயிலில் சரித்திரம் தொலையும். ஆறு மாதம் கழித்து கிளெய்ம் வந்தால் ஜிப் ஏன் லேட், ஷேடு எப்போது ஓகே, இரண்டையும் எங்கே போய்த் தேடுவீர்கள்? அதற்குத்தான் அந்தக் காலத்தில் யூஸ்நெட் விவாதக் குழுக்காரர்களே was: என்று அடைப்புக்குள் பழைய சப்ஜெக்டைப் போட்டார்கள். தந்திக்கம்பம் சார் மேலே காட்டிய உதாரணத்திலேயே அது இருக்கிறது, அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

தந்திக்கம்பம்:
திறக்கிறேன். அங்கே பேச்சு கிளைவிடும்போது கிளை மரத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதினார்கள். அவர்கள் படித்த மென்பொருளும் References பார்த்துக் கோர்ப்பதுதான். கிளை தெரியும், மரமும் தெரியும். பிரிப்பதற்காக அல்ல. ஷேடு B-யை ஏன் எடுத்தோம் என்பதிலிருந்து அதே ஷேடில் நூல் கிடைக்கவில்லை என்று பேச்சு போனால், தாராளமாக was: போடுங்கள், அது கிளை. ஜிப் என்பது வேறு ஆள், வேறு சப்ளையர், வேறு தேதி. அது தனி மரம்.

மெர்ச்சி, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். Write அழுத்திப் புது மெயில். சப்ஜெக்டில் ஸ்டைல் நம்பர் முதலில், பிறகு விஷயம்: "2207 - Zip delay". முதல் இரண்டு வரியில், ஷேடு B ஓகே ஆன தேதி, ஜிப் வர வேண்டிய தேதி, இப்போது சொல்லும் தேதி. பழைய மெயில் தேவையென்றால் அதைப் பட்டியலிலிருந்து இழுத்து இந்தப் புது மெயில் ஜன்னலில் இணைப்பாகப் போடுங்கள். அது eml கோப்பாகத் தலையோடு காலோடு அப்படியே போகும், உங்கள் புது மெயிலின் வம்சத்தில் கலக்காது. பையருக்கு மட்டும் அதை இணையுங்கள், சப்ளையருக்கு வேண்டாம், வாணி மேடம் சொன்ன காரணம்தான். கடைசியாகப் பழைய இழையில் ஒரு வரி: "ஜிப் பற்றித் தனி மெயில் அனுப்பியிருக்கிறேன், சப்ஜெக்ட் இது." அந்த வரியை விட்டால் பாதி பேர் பழைய இழையிலேயே ஜிப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஜிமெயில்ராஜா:
ஒரு ஜிப்புக்கு இவ்வளவு சடங்கா? இதற்குள் ஜிப்பே வந்துவிடும்.

மட்_முனியாண்டி:
mutt என்ற மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: # அழுத்தினால் இழை அறும். edit_headers போட்டிருந்தால் எழுதும்போதே In-Reply-To வரியை அழித்துவிடலாம். ரிப்ளையும் ஆச்சு, புது மெயிலும் ஆச்சு. சண்டை முடிந்தது.

வாணி_ஈரோடு:
அண்ணே, எங்கள் ஆபீஸில் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள்.

தந்திக்கம்பம்:
முனியாண்டி சொன்னது சரிதான், ஆனால் # அறுப்பது உங்கள் பெட்டியில் மட்டும். எதிராளியிடம் போய்ச் சேர்ந்த மெயில் ஒட்டியேதான் இருக்கும். ஆக, அனுப்பிய பிறகு அறுப்பது வேறு, அனுப்பும் முன் வரியை அழிப்பது வேறு.

மட்_முனியாண்டி:
அதைத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வது உங்கள் பழைய வழக்கம், Bcc இழையிலும் இதே கதை.

மெர்ச்சி_திருப்பூர்:
இன்னொரு சந்தேகம். பையர் பதில் போட்டால் சப்ஜெக்டில் AW: என்று வருகிறது, நாங்கள் போட்டால் RE:. இப்போது "RE: AW: RE: AW: RE:" என்று ரயில் மாதிரி நிற்கிறது. இதனாலும் பிரியுமா?

ஜிமெயில்ராஜா:
AW ஜெர்மன் அவுட்லுக் போடுவது. அதைக் கையால் அழித்துவிட்டு ஒரே ஒரு RE: வையுங்கள்.

தந்திக்கம்பம்:
சப்ஜெக்ட் மாறினால் பிரியும் என்றவர் இப்போது சப்ஜெக்டைக் கையால் திருத்தச் சொல்கிறார். உங்கள் கணக்குப்படி அப்போது பிரிய வேண்டாமா?

ஜிமெயில்ராஜா:
RE: எடுப்பது சப்ஜெக்ட் மாற்றுவது ஆகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தந்திக்கம்பம்:
RE: சரி. AW:?

பென்ஷன்_பெரியவர்:
வாட்ஸாப் குழுவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஜிமெயில்ராஜா:
AW-க்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அது ஜெர்மன்காரரின் அவுட்லுக்கைக் கேளுங்கள். நான் எழுதியது ஜிமெயிலுக்கு.

தந்திக்கம்பம்:
இதோ, இப்போதாவது அந்த மூன்று வார்த்தையை எழுதிவிட்டார். நேற்றைய பதிவில் போய்ச் சேர்த்துவிடுங்கள்.

ஜிமெயில்ராஜா:
சேர்க்க மாட்டேன்.