அட்ச, தீர்க்க ரேகையை X, Y, Z ஆக்கினால் Z மட்டும் 9.7 கிமீ தள்ளிப் போகிறது. உதவுங்கள்

தண்டையார்பேட்டை பாலா

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஆர்டிகே பேஸ் ஒன்று வைத்திருக்கிறேன். பேஸ் இருக்கும் இடத்தை X, Y, Z ஆகத்தான் கொடுக்க வேண்டும். ரிசீவரே ஒரு X, Y, Z காட்டுகிறது. அதே இடத்தின் அட்ச, தீர்க்க ரேகையையும் உயரத்தையும் வைத்து நான் பைத்தானில் போட்டால் வேறு எண் வருகிறது. வீடு எது என்று தெரிய வேண்டாம் என்பதால் இடத்தைச் சற்று நகர்த்தி, எண்களையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன்.

வடக்கு 13.125°, கிழக்கு 80.295°, உயரம் 7.2 மீட்டர் (GGA வரியில் வந்தது).

```
ரிசீவர்: 1047277.34  6123607.12  1438858.24
என் கணக்கு: 1047291.54  6123690.15  1448575.18
```

```python
a = 6378137.0
e2 = 0.00669437999014
N = a / sqrt(1 - e2*sin(lat)**2)
X = (N + h)*cos(lat)*cos(lon)
Y = (N + h)*cos(lat)*sin(lon)
Z = (N + h)*sin(lat)
```

டிகிரியை ரேடியனாக மாற்றிவிட்டேன். பூமத்திய ரேகையில் 0, 0 கொடுத்துப் பார்த்தால் X சரியாக 6378137 வருகிறது. இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் கணக்கிட்டாலும் மேப்பில் இருப்பதோடு ஏறக்குறைய ஒத்துப் போகிறது. பிறகு ஏன் இப்படி?

எண்ணூர் கதிர்

டேட்டம் பிரச்சினை, ப்ரோ. நம் ஊர் பழைய டோப்போ ஷீட்டெல்லாம் எவரெஸ்ட் நீள்கோளத்தில் போட்டது. உங்கள் ரிசீவர் WGS84. இரண்டையும் கலந்தால் இப்படித்தான் ஆகும். மற்றபடி தூரம் சரியாக வருகிறது என்றால் ஃபார்முலாவில் தப்பு இருக்க வாய்ப்பில்லை.

மணலி ஸ்டீபன்

எதற்கு இவ்வளவு தலைவலி? எண்ணூர் கழிமுகம் பக்கம் ட்ரோன் மேப்பிங் செய்யும்போது நான் நேராக யுடிஎம் 44 வடக்கில் போட்டுவிடுவேன். ஈஸ்டிங், நார்த்திங் மீட்டரிலேயே வந்துவிடும், முடிந்தது. எனக்கு ஒரு தடவை 43 என்று செட் ஆகி எல்லாப் புள்ளியும் எங்கேயோ போய் விழுந்தது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலா

ஸ்டீபன் அண்ணே, எனக்கு வரைபடம் வேண்டாம். பேஸ் அனுப்பும் 1005 செய்தியில் பூமியின் மையத்திலிருந்து அளந்த X, Y, Z மட்டும்தான் போகும். யுடிஎம் அங்கே செல்லாது.

ராயபுரம் வசந்தி

தம்பி, உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. வித்தியாசத்தை எடுத்துப் பாருங்கள்: X-இல் 14.20, Y-இல் 83.03, Z-இல் 9716.94 மீட்டர். இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பெரியதை முதலில் பார்ப்போம். கதிர் சொன்ன டேட்டம் கலப்பு நிஜமாகவே நடக்கிற விஷயம்தான், ஆனால் அது மூன்று அச்சிலும் சில நூறு மீட்டர் நகர்த்தும். Z-ஐ மட்டும் பிடித்து 9.7 கிமீ இழுக்காது. உங்கள் Z வரி உருண்டைப் பூமிக்கான வரி. R இருந்த இடத்தில் N போட்டால் மட்டும் அது நீள்கோளத்துக்கு மாறிவிடாது. N என்பது மையத்திலிருந்து அளக்கும் தூரமே இல்லை. உங்கள் மாடியில் தரைமட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை உள்ளே இறக்கினால், துருவம் தட்டையாக இருப்பதால் அது மையத்தைத் தொடாமல் சுழலும் அச்சை மையத்துக்குத் தெற்கே வெட்டும். மேற்பரப்பிலிருந்து அந்த வெட்டும் புள்ளி வரைக்கும் உள்ள நீளம்தான் N. நம் அட்ச ரேகையில் அது 6379238 மீட்டர். வெட்டும் புள்ளி மையத்துக்குக் கீழே N × e2 × sin(lat), அதாவது 9697.30 மீட்டர். நீங்கள் அந்தப் புள்ளியிலிருந்து Z-ஐ அளந்திருக்கிறீர்கள். அதைக் கழிக்க வேண்டும்:

```python
Z = (N*(1 - e2) + h)*sin(lat)
```

(1 - e2) என்பது N-க்கு மட்டும்தான். h-ஐயும் சேர்த்துப் பெருக்கிவிடாதீர்கள். X, Y-க்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் செங்குத்துக் கோடு அச்சைத் தொட்டே தீரும்.

பூமத்திய ரேகையில் sin பூஜ்யம், அதனால் அங்கே சோதித்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது. துருவத்தில் சோதியுங்கள். 90° கொடுத்தால் Z 6356752.314 வர வேண்டும். உங்கள் பழைய வரி 6399593 என்று காட்டும்.

தூரம் ஒத்துப் போகிறது என்பதையும் நம்பாதீர்கள். கழிக்கும்போது 9.7 கிமீ பெரும்பாலும் அடிபட்டுவிடும். நேர் கிழக்கு மேற்காக இருந்தால் வித்தியாசமே தெரியாது. வடக்கே 5 கிமீ போனால்தான் சுமார் 32 மீட்டர் கூடுதலாக வரும். மேப்பில் விரலை வைத்து அளந்தால் அது எங்கே தெரியப் போகிறது?

பாலா

துருவத்தில் நீங்கள் சொன்ன எண் வந்துவிட்டது. ஆனால் காசிமேட்டில் இன்னும் 14.20, 83.03, 19.64 மீதி நிற்கிறது. இதுதான் இரண்டாவதா?

வசந்தி

ஆமாம். மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுங்கள், 86.50 வரும். அப்புறம் ஒவ்வொன்றையும் 86.50-ஆல் வகுத்தால் 0.164, 0.960, 0.227. அவை உங்கள் இடத்தின் cos(lat)·cos(lon), cos(lat)·sin(lon), sin(lat). அதாவது பிழை முழுக்க நேர் மேலே பார்த்து நிற்கிறது, பக்கவாட்டில் எதுவும் இல்லை. இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டியது உயரத்தைத்தான்.

GGA வரியில் உயரத்துக்கு அடுத்து இன்னொரு எண் இருக்குமே, மைனஸில், என்ன போட்டிருக்கிறது?

பாலா

```
7.2,M,-86.5,M
```

வசந்தி

அதேதான். 7.2 கடல்மட்டத்திலிருந்து. ஃபார்முலா கேட்பது நீள்கோளப் பரப்பிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு 100 மீட்டருக்கும் மேல் கீழே போகிறது, உலகத்திலேயே ஆழமான பள்ளம் அது. நாம் அதன் சரிவில் இருக்கிறோம். ஆகவே h = 7.2 + (-86.5) = -79.3. மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம், வடசென்னையில் அது மைனஸாகத்தான் இருக்கும். `UBX-NAV-PVT` படிக்கிறீர்கள் என்றால் `hMSL`-ஐ விட்டுவிட்டு `height`-ஐ எடுங்கள். மில்லிமீட்டரில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பாலா

மூன்றும் சென்டிமீட்டர் வரை ஒத்துவிட்டது. நன்றி அக்கா. 7.2-ஐ வைத்தே பேஸை ஓட்டியிருந்தால்?

வசந்தி

ரோவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஃபிக்ஸ் காட்டும், ஆனால் எல்லா உயரமும் 86 மீட்டர் கூடுதலாக இருக்கும். கிடைமட்டம் கிட்டத்தட்ட சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

எண்ணூர் கதிர்

சரி, டேட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த -86.5 ரிசீவருக்குள் இருக்கும் அட்டவணையிலிருந்து வருவது. வேறு கம்பெனி ரிசீவர் வேறு எண் காட்டினால் எதை நம்புவது?

வசந்தி

X, Y, Z-க்கு அதனால் பாதிப்பில்லை. ரிசீவர் எதைக் கழித்ததோ அதையே திரும்பச் சேர்க்கிறோம், அட்டவணை சுமாராக இருந்தாலும் அடிபட்டுவிடும். ஒரு ரிசீவரின் உயரத்தோடு இன்னொன்றின் எண்ணைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

பாலா

துறைமுகத்தில் ஒருவர் ரோவரில் வரும் உயரத்தைத் தங்கள் பெஞ்ச் மார்க்கோடு பொருத்தித் தரச் சொல்கிறார். அதற்கும் இந்த -86.5 போதுமா?

வசந்தி

அதற்குப் போதாது. பெஞ்ச் மார்க் மேலேயே ரோவரை வைத்து எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று அளக்க வேண்டும். அவர்கள் எண் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தா, துறைமுகங்களில் வைத்துக்கொள்ளும் சார்ட் டேட்டத்திலிருந்தா என்பதை முதலில் கேளுங்கள்.

பாலா

கேட்டேன். "ஜீரோன்னா ஜீரோதான்" என்கிறார். திங்கட்கிழமை பழைய வரைபடத்தைக் காட்டுகிறாராம்.