ஷெட்யூலரில் போட்டால் ரீச் போய்விடுமா?

முத்துவேல்: இன்னொரு குழுவில் ஒருவர் "எல்லாப் பதிவையும் பஃபரில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாக வந்தது. என் பேக்கரி பக்கத்தில், குறித்த நேரத்தில் தானாகப் பதிவு போடும் பஃபர் மாதிரி ஷெட்யூலர் வைத்த நாளிலிருந்து ரீல்ஸ் ரீச், அதாவது பார்ப்பவர் எண்ணிக்கை, பாதிக்கும் கீழே. வெளி டூலில் இருந்து வருவதை இன்ஸ்டாகிராம் அமுக்குகிறது. இல்லை என்பவர் நிரூபிக்கட்டும்.

தேன்மொழி: அண்ணா, கையால் போட்டபோது ரீலில் பாட்டு இருந்ததா? டூல் வழியாகப் போனதில் இருந்ததா? கமென்ட்டுக்கு முதல் பதில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?

முத்துவேல்: டூலில் பாட்டு வைக்க முடியவில்லை. காலை 6 மணிக்குப் பதிவு போகும், நான் மதியம்தான் பார்ப்பேன். அதனால் என்ன? ரீச் குறைந்தது குறைந்ததுதான்.

தேன்மொழி: அதனால்தான் எல்லாம். இன்ஸ்டாகிராமில் இருக்கும் சினிமாப் பாட்டை வெளி டூல் தானாகச் சேர்க்க முடியாது. ஸ்டோரியில் வைக்கும் லிங்க் ஸ்டிக்கரும் அப்படித்தான். அதற்காகவே பஃபரில் நோட்டிபிகேஷன் முறை இருக்கிறது. நேரம் வந்ததும் போனில் மணி அடிக்கும், நீங்கள் திறந்து பாட்டைச் சேர்த்துப் போட வேண்டும். நீங்கள் பாட்டும் இல்லாமல், ஆளும் இல்லாமல் ஆறு மணி நேரம் பதிவை அநாதையாக விட்டிருக்கிறீர்கள். பழி டூல் மேல்.

கார்த்தி: ஹூட்ஸூட் என்ற ஷெட்யூலர் இலவசம்தானே? அதை எடுத்துக்கொள்ளலாமே.

தேன்மொழி: இலவசத் திட்டத்தை 2023 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். பஃபரில் மூன்று கணக்கு, கணக்குக்குப் பத்துப் பதிவு வரை வரிசையில் வைக்க இலவசம். ஒரு கடைக்கு அது தாராளம்.

முத்துவேல்: பேச்சை மாற்றாதீர்கள். ரீச் குறைந்தது. போன தீபாவளிக்கு என் போஸ்டரில் எழுத்துப்பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்தானே நீங்கள்?

தேன்மொழி: பிழை இருந்தது, சொன்னேன். இன்றும் அந்தப் போஸ்டர் அப்படியே இருக்கிறது.

நித்யா: நான் புடவை விற்கிறேன். கமென்ட்டில் "விலை" என்று போட்டால் விலைப்பட்டியல் தானாக டிஎம்மில் போகும். இரவு 11 மணிக்கும் ஆர்டர் வருகிறது. தானியங்கியை யாரும் குறை சொல்லாதீர்கள்.

தேன்மொழி: நித்யா, அந்தச் சொல் மட்டும் தனியாக வந்தால்தானா, வாக்கியத்துக்குள் எங்கே வந்தாலும் போகுமா? உடனே பாருங்கள். நான் கவனிக்கும் ஒரு கடையில் ஒரு அக்கா, "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன், முதல் அலசலிலேயே சாயம் போய்விட்டது" என்று எழுதினார். அடுத்த நொடி அவருக்கு விலைப்பட்டியலும் பத்து சதவீதத் தள்ளுபடியும் போனது. அவர் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். விலை சொல்வதை டூலிடம் விடலாம். குறை சொல்பவருக்கு மனிதர்தான் பதில் எழுத வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

நித்யா: எங்கே வந்தாலும் போகும்படிதான் வைத்திருக்கிறேன். ஆனால் என் புடவை சாயம் போகாது.

சேகர், வேளச்சேரி: ரீச் பற்றி எனக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் காபிக்கடைக்குள் முட்டி வரை தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. காலை 7 மணிக்கு "அடைமழைக்குச் சூடாக ஒரு காபி, கடை திறந்தாச்சு, வாங்க" என்று எங்கள் பக்கத்தில் பதிவு போயிருக்கிறது. ஒரு வாரம் முன்னால் நானே ஏற்றி வைத்தது. மறுநாள் மாலைதான் பார்த்தேன். கீழே ஒரு அம்மா, "குழந்தைக்குப் பால் கிடைக்குமா, எப்படி வருவது?" என்று கேட்டிருந்தார். என் போன் செத்தாலும் டூல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

தேன்மொழி: சேகர் அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. பெரிய நிறுவனமும் இதில் மாட்டியிருக்கிறது. 2013 ஜனவரியில் பிரிட்டனில் மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி கலந்திருந்த விவகாரம் வெடித்தபோது, அதை விற்ற டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் தூங்கப் போகிறோம் என்று ட்விட்டரில் போட்டது. அதற்கு எழுதிய ஆங்கில மரபுத்தொடரில் குதிரை தின்னும் வைக்கோல் வந்தது! முன்பே ஏற்றி வைத்த பதிவு என்று மன்னிப்புக் கேட்டார்கள். டூல் வாங்கும்போது, மொத்த வரிசையையும் ஒரே அழுத்தில் நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். பஃபரில் வரிசையை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் அந்தக் கணக்கைக் கொடுத்து வையுங்கள். "கடை திறந்தாச்சு" என்பதை மட்டும் ஷட்டரைத் தூக்கிய பிறகு கையால் போடுங்கள்.

சேகர், வேளச்சேரி: இப்போது மதுரையில் தங்கை கையில் அந்தக் கணக்கு இருக்கிறது.

முத்துவேல்: வெள்ளம், குதிரை எல்லாம் சரி. என் ரீச் எங்கே போனது?

தேன்மொழி: அடுத்த நாலு ரீலை நோட்டிபிகேஷனில் வைத்து, பாட்டோடு, மாலை நீங்கள் கடையில் இருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் வந்து கேளுங்கள்.

முத்துவேல்: கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் குவியும் நேரத்தில் சோதனை செய்ய என்னால் முடியாது. குறைந்தது குறைந்ததுதான்.

கார்த்தி: அப்போது பஃபரா, வேறா? யாராவது சொல்லுங்கள்.