எக்ஸ்டெர்னல் டிரைவுக்கு எந்த யுபிஎஸ் போடலாம்?

வணக்கம். கானாடுகாத்தானில் எங்க பழைய வீடு. ஐயா காலத்துப் பேரேடுகளையும் கல்யாணப் போட்டோக்களையும் ஸ்கேன் பண்ணி, 4 டிபி டிரைவில் ஏத்திக்கிட்டு இருக்கேன். தனி அடாப்டர் போட்டு ஓடும் பெரிய வகை டிரைவ் அது.

கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில் ஓடுது, டிரைவ் மட்டும் "டக்"குன்னு நின்னுடுது. ஃபைல் பாதி எழுதும்போதே அப்படி நின்னதில், போன வாரம் ஒரு ஃபோல்டரே திறக்கல. `chkdsk /f` ஓட்டி ஒருவழியா மீட்டேன். CrystalDiskInfo-வில் பார்த்தா Power-off Retract Count ஏறிக்கிட்டே போகுது. Reallocated Sectors இன்னும் பூஜ்யம்தான், அந்த மட்டும் நிம்மதி.

இன்வெர்ட்டர் இருக்கு. ஆனா அது மாறுற அந்தக் கண்ணிமைப்பிலேயே டிரைவ் விழுந்துடுது. சாயங்காலம் பக்கத்து வீட்டு மோட்டார் போட்டா மீட்டரில் 170 வோல்ட்தான் காட்டுது, ராத்திரி 250.

அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர்னு போட்டிருக்கு, அதாவது அதிகபட்சம் 24 வாட். இதுக்கு 600 விஏ யுபிஎஸ் தேவையா, இல்ல ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதுமா? டிரைவ் சுழல ஆரம்பிக்கிறப்பதான் கரண்ட் அதிகம் இழுக்கும். மினி யுபிஎஸ் அப்போ 12 வோல்ட்டை விடாம பிடிக்குமான்னுதான் சந்தேகம். பெரியது வாங்கினா, 170 வோல்ட்டுக்கெல்லாம் பேட்டரிக்குப் போகாம தானே ஏத்திக் கொடுக்கிற லைன் இன்டராக்டிவ் வகைதானே வாங்கணும்?

இதே மாதிரி டிரைவை மினி யுபிஎஸ்ஸில் ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்கண்ணே.