இத்தாலிய சப்ளையர் மெயில்: தள்ளுபடிக் கணக்கு இடிக்கிறது, நாளைக்குள் கையெழுத்து வேண்டும்

செல்வா_எக்ஸிம்
வணக்கம். சிறிய இறக்குமதியாளர் ஒருவருக்கு இத்தாலிய மெயில்களைத் தமிழில் மாற்றிக் கொடுக்கிறேன். சப்ளையரிடமிருந்து பர்ச்சேஸ் ஆர்டர் வந்திருக்கிறது. பேரம் பேசி 15 சதவீதத் தள்ளுபடியில் முடித்தோம். ஆனால் மொத்தத் தொகை அந்தக் கணக்குக்கு வரவில்லை. மெயிலில் கூடுதலாக 3 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள், அது எங்கேயுமே இல்லை. ஏமாற்றுகிறார்கள் என்கிறார் முதலாளி. என் மொழிபெயர்ப்பில் தப்பா, அவர்கள் கணக்கில் தப்பா? நாளை காலை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவசரம்.

நிலவன்
எண்களை அவர்கள் எழுதும் முறையைப் பார்த்தீர்களா? இத்தாலியில் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. 2.400 என்றால் இரண்டாயிரத்து நானூறு. அதை எக்செல்லில் அப்படியே ஒட்டினால் 2.4 என்று காட்டிவிடலாம். எனக்குத் தெரிந்து பத்தில் எட்டுக் குழப்பம் இதில்தான். உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

மீனா_மொழி
செல்வா, மூலத்தைப் போடாமல் எதுவும் சொல்ல முடியாது. வாங்குகிறவர்தானே பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புவார்? சப்ளையரிடமிருந்து வந்தது வேறு ஏதோ காகிதம். மேலே என்ன தலைப்பு இருக்கிறது? தள்ளுபடியை எப்படி எழுதியிருக்கிறார்கள்? பணம் கட்டும் வரி என்ன சொல்கிறது? பெயர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் போடுங்கள்.

பழைய_தரகர்
தலைப்பைக்கூடப் படிக்காமல் கையெழுத்து வரை போய்விட்டார்கள். தம்பி, வணிகக் கடிதம் மொழிபெயர்க்க மொழி மட்டும் தெரிந்தால் போதாது. இதை நான் இங்கே பலமுறை எழுதிவிட்டேன், பழைய இழைகளைத் தேடிப் படிக்கவும்.

அருள்
தேடினேன் சார், கிடைக்கவில்லை. இருந்தால் இணைப்புக் கொடுங்களேன்.

செல்வா_எக்ஸிம்
மன்னிக்கவும், இதோ. சரக்கு பித்தளை வால்வுகள்.

```
CONFERMA D'ORDINE
Q.tà 2.400 pz   Prezzo € 3,80 cad.   Sconto 10+5
Totale netto € 7.797,60
Resa: franco fabbrica
Pagamento: 30% a titolo di caparra confirmatoria
all'ordine, saldo ad avviso merce pronta
```

மெயிலில் இருந்த வரி:

```
Potremmo riconoscerVi un ulteriore 3%
a fronte di pagamento anticipato.
```

"முன்பணம் கொடுப்பதால் கூடுதலாக 3 சதவீதம் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். 30 சதவீத அட்வான்ஸ் கொடுக்கிறோமே, அப்படியென்றால் 3 சதவீதம் வர வேண்டும் இல்லையா?

மீனா_மொழி
இப்போது தெளிவாகிவிட்டது. இது ஆர்டர் உறுதிப்படுத்தல். நீங்கள் அனுப்பிய ஆர்டரை எந்த நிபந்தனையில் ஏற்கிறோம் என்று சப்ளையர் சொல்லும் காகிதம். அதனால் உங்கள் ஆர்டரைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உங்கள் ஆர்டரில் இல்லாத ஒன்று இதில் இருந்தால் அதுதான் முக்கியம்.

தள்ளுபடி விஷயத்தில் யாரும் ஏமாற்றவில்லை. 10+5 என்பதைக் கூட்டக் கூடாது. முதலில் 10 கழிக்க வேண்டும், மீதித் தொகையில் 5 கழிக்க வேண்டும். 2400 வால்வு, ஒன்று 3.80 யூரோ, ஆக 9120. அதில் 10 போனால் 8208. அந்த 8208-இல் 5 போனால் 7797.60. அவர்கள் எழுதிய தொகையேதான். மொத்தமாக 14.5 சதவீதம். நேராக 15 கழித்தால் 7752 வரும், வித்தியாசம் 45.60 யூரோ. முதலாளிக்கு இடித்தது அதுதான்.

ஆனால் பேரத்தில் நீங்கள் கேட்டது என்ன, அவர்கள் எழுதியது என்ன? அவர்கள் மெயிலிலும் 10+5 என்றே இருந்து நீங்கள் 15 என்று தமிழில் போட்டிருந்தால் இனி அதைக் கேட்க வழியில்லை. அவர்கள் மெயிலிலேயே 15 என்று இருந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

செல்வா_எக்ஸிம்
மெயிலிலும் 10+5 தான் மேடம்.

நிலவன்
சரி, என் ஊகம் இங்கே பொருந்தவில்லை. ஆனால் ஃப்ராங்கோ என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் சரக்குக் கூலி அவர்கள் செலவு. 45 யூரோவை விட அது பெரிய லாபம்.

கப்பல்_கணேசன்
நிலவன், பாதிதான் சரி. ஃப்ராங்கோ என்றால் செலவில்லாமல் என்பது உண்மை, ஆனால் எந்த இடம் வரைக்கும் என்பதை அடுத்த சொல்தான் சொல்லும். இங்கே அடுத்து வருவது ஃபாப்ரிக்கா, தொழிற்சாலை. அதாவது அவர்கள் வாசலில் சரக்கைத் தயாராக வைப்பதோடு சரி. வண்டி பிடிப்பது, கப்பல், காப்பீடு எல்லாம் வாங்குபவர் தலையில். போர்தோ ஃப்ராங்கோ என்று இருந்தால் நீங்கள் சொன்னது சரி, அப்போது அனுப்பும் கூலி அவர்களுடையது. போர்தோ அசெஞ்ஞாத்தோ என்றால் மறுபடி பெறுபவர் கொடுக்க வேண்டும்.

மீனா_மொழி
அந்த 3 சதவீதத்துக்கு வருகிறேன். மூலத்தில் வினை "தரலாம், தர இயலும்" என்ற தொனியில் இருக்கிறது, கொடுத்துவிட்டோம் என்று இல்லை. இத்தாலியப் பேரத்தில் இந்த வினை வடிவம் எங்கே பார்த்தாலும் வரும். பணிவுக்காகவும் வரும், நழுவ இடம் வைக்கவும் வரும். பின்னால் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: முன்கூட்டிச் செலுத்தினால். அப்படிச் சொன்னால் பொதுவாக அனுப்பும் முன் முழுத் தொகையையும் என்றுதான் அர்த்தம். 30 சதவீதத்தை அவர்கள் அதில் சேர்க்கவில்லை, அதனால்தான் உறுதிப்படுத்தலில் 3 சதவீதம் இல்லை. முழுத் தொகையையும் முன்னால் கொடுத்தால் 7797.60-இல் 3 சதவீதம், 233.93 யூரோ குறையும். 18 சதவீதம் என்று கூட்டிக் கழித்துவிடாதீர்கள், அது 7478.40 காட்டும். சரியான தொகை 7563.67. ஒரு வரியில் அவர்களிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அருள்
எல்லாரும் தள்ளுபடியைப் பார்க்கிறீர்கள். பணம் கட்டும் வரியில் இருக்கும் கபார்ரா கன்ஃபிர்மத்தோரியாவை யாரும் கவனிக்கவில்லையா? செல்வா, அதை எப்படி மொழிபெயர்த்தீர்கள்?

செல்வா_எக்ஸிம்
அட்வான்ஸ். பேரத்தில் அவர்கள் அக்கோன்தோ என்று எழுதியிருந்தார்கள், அதற்கும் அட்வான்ஸ் என்றுதான் போட்டேன்.

அருள்
அங்கேதான் பிரச்சினை. அக்கோன்தோ விலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். வியாபாரம் கலைந்தால் திரும்பக் கேட்கலாம், நஷ்டஈடு தனி வழக்கு. கபார்ரா கன்ஃபிர்மத்தோரியா இத்தாலிய சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவில் வருவது. பணம் கொடுத்தவர் வாக்கு மீறினால் பணத்தைப் பெற்றவர் அதை வைத்துக்கொண்டு விலகலாம். பெற்றவர் மீறினால் கொடுத்தவர் விலகி இரண்டு மடங்கு கேட்கலாம். வியாபாரம் ஒழுங்காக முடிந்தால் விலையில் கழிந்துவிடும். உங்கள் கேசில் அது 2339.28 யூரோ. முதலாளி பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது போனது போனதுதான்.

நிலவன்
அப்படியென்றால் அதை விட்டுக்கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அர்த்தமா? அது ஒரு வகையில் வசதிதானே.

அருள்
இல்லை. விலகுவதற்கான விலை என்பது கபார்ரா பெனிதென்சியாலே, அடுத்த பிரிவு 1386. உங்கள் காகிதத்தில் இருப்பது அதுவல்ல. கன்ஃபிர்மத்தோரியாவில் ஏமாந்த தரப்பு விரும்பினால் பணத்தோடு விலகாமல், ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லியும் கேட்கலாம், ஒப்பந்தத்தை ரத்துசெய்து முழு நஷ்டஈடும் கேட்கலாம். பணத்தை விட்டுவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

பழைய_தரகர்
மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் எதற்கு? இருக்கிறதை மாற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலை. சட்டம் சொல்ல வக்கீல் இருக்கிறார். இப்படி ஓரத்தில் குறிப்பு எழுதி ஒருவர் பெரிய சிக்கலில் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

மீனா_மொழி
ஐயா, சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலத்தில் மெயிலில் ஒரு சொல்லும் உறுதிப்படுத்தலில் வேறு சொல்லும் இருக்கும்போது இரண்டையும் அட்வான்ஸ் என்று எழுதினால் அந்த மாற்றம் படிக்கிறவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. "முன்பு பகுதித் தொகை என்றிருந்தது, இப்போது உறுதிப்பணம் என்று மாறியிருக்கிறது, இது சட்டப் பொருள் உள்ள சொல்" என்று ஒரு குறிப்புப் போடுவது மொழிபெயர்ப்பின் வேலைதான். என்ன செய்வது என்பதை முதலாளி முடிவு செய்யட்டும்.

பழைய_தரகர்
உறுதிப்பணம் என்று எழுதினால் மட்டும் அவருக்குப் புரிந்துவிடுமா? இத்தாலியச் சொல்லையே அப்படியே வைத்துவிடுவது மேல்.

மீனா_மொழி
சொல்லை வைத்துப் பக்கத்தில் விளக்கம் போடலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கப்பல்_கணேசன்
வாதம் பிறகு. நாளைக்குள் அவர் பதில் அனுப்ப வேண்டும். செல்வா, கையெழுத்துப் போடாமல், 30 சதவீதத்தை கபார்ரா இல்லை, அக்கோன்தோ என்று மாற்றச் சொல்லி இப்படிக் கேட்கலாம்:

```
Confermiamo l'ordine con la seguente modifica:
30% a titolo di acconto (non caparra),
saldo ad avviso merce pronta.
Vi preghiamo di inviarci la conferma corretta.
```

திருத்திய உறுதிப்படுத்தல் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். இத்தாலிய சட்டப்படி முன்மொழிவோடு ஒத்துப்போகாத ஏற்பு புதிய முன்மொழிவாகிவிடும், 1326-ஆம் பிரிவு. உங்கள் ஆர்டரை அவர்கள் மாற்றி அனுப்பியிருந்தால் அது இன்னும் முடியாத பேச்சுதான்.

செல்வா_எக்ஸிம்
கடைசியில் சிறிய எழுத்தில் இதுவும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்:

```
Trascorsi 3 giorni lavorativi senza Vs. riscontro,
la presente si intende accettata.
```

மீனா_மொழி
3 வேலை நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்கிறது. காகிதம் என்றைக்கு வந்தது?

அருள்
வெறும் மௌனம் ஏற்பு ஆகாது என்று ஐ.நா.வின் 1980 சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு சொல்கிறது, இத்தாலி அதில் இருக்கிறது. ஆனால் அது இந்த வியாபாரத்துக்குப் பொருந்துமா என்பது வாங்குபவரின் நாட்டையும் ஒப்பந்தத்தில் எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

பழைய_தரகர்
பழைய வாடிக்கையாளராக இருந்து இதே வரியோடு வந்த முந்தைய காகிதங்களுக்கெல்லாம் பேசாமல் பணம் கட்டியிருந்தால் மௌனத்துக்கும் அர்த்தம் வரும். முந்தைய ஆர்டர்களைப் பார்க்காமல் இங்கே யாரும் முடிவு சொல்ல முடியாது. எப்படியும் இன்றே எழுத்தில் பதில் போகட்டும்.

சுந்தரி_டிரேடர்ஸ்
எங்களுக்கும் இத்தாலிய சப்ளையர்தான். எங்கள் காகிதத்தில் 60 gg d.f.f.m. என்று இருந்தது, இன்வாய்ஸ் தேதியிலிருந்து 60 நாள் என்று நினைத்து முன்னாடியே கட்டிவிட்டோம். கடைசி எழுத்துகள் மாதக் கடைசியைக் குறிக்குமாம். மார்ச் 10 இன்வாய்ஸ் என்றால் மே 31 வரை நேரம் இருந்திருக்கிறது. உங்களுக்கும் அதே பிரச்சினையா?

நிலவன்
இல்லைங்க, அவருக்கு அட்வான்ஸ் விஷயம்.

செல்வா_எக்ஸிம்
கணேசன் அண்ணா எழுதியதை அனுப்பினேன். மதியமே அக்கோன்தோ என்று மாற்றிய காகிதம் வந்துவிட்டது. 3 சதவீதம் முழுத் தொகையும் முன்கூட்டிக் கொடுத்தால்தானாம், முதலாளி வேண்டாம் என்றார். அனைவருக்கும் நன்றி.

மீனா_மொழி
நல்லது. அந்த 3 நாள் வரி புதிய காகிதத்திலும் இருக்கிறதா?

அருள்
செல்வா?