கலைச்சொல்: முன்கணிப்பில் வரும் ‘எம்.ஏ.டி.’ நம் சராசரி விலக்கம்தானா?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிடங்குப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முன்கணிப்பு எவ்வளவு தவறியது என்று அளக்கும் பாடத்தில் ‘மீன் அப்சல்யூட் டீவியேஷன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் ‘சராசரி முழுமையான விலகல்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். படித்தால் ஏதோ அடியோடு விலகிப்போய்விட்ட மாதிரி இருக்கிறது.

பாடத்தில் உள்ள பயிற்சி இதுதான். ஒரு வடிகட்டி உதிரிபாகம் ஆறு வாரங்களில் எத்தனை செலவானது, இரண்டு முறைகள் எத்தனை என்று முன்கூட்டிச் சொல்லின. முறை 1, கிடங்குப் பொறுப்பாளர் தன் அனுபவத்தில் சொன்னது. முறை 2, போன ஆண்டின் அதே வாரச் செலவை அப்படியே எடுத்துக்கொண்டது.

| வாரம் | செலவு | முறை 1 | பிழை | முறை 2 | பிழை |
|---|---|---|---|---|---|
| 1 | 52 | 46 | +6 | 51 | +1 |
| 2 | 47 | 52 | −5 | 45 | +2 |
| 3 | 55 | 49 | +6 | 54 | +1 |
| 4 | 49 | 55 | −6 | 47 | +2 |
| 5 | 53 | 48 | +5 | 51 | +2 |
| 6 | 68 | 74 | −6 | 52 | +16 |

பிழை என்பது செலவிலிருந்து கணிப்பைக் கழித்தது. கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் முறை 1-க்கு 5.67, முறை 2-க்கு 4. ஆகவே முறை 2 மேல் என்று கையேடு முடிக்கிறது. அந்த 5.67-க்கும் 4-க்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது?

முருகவேள் எழுதியது:

அம்மா, இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. பள்ளிப் புள்ளியியலில் ‘சராசரி விலக்கம்’ என்று படித்தோமே, அதுதான் இது. குறி பார்க்காமல் விலக்கங்களைக் கூட்டி வகுப்பது. விரிதாளிலும் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பிழைகளை மட்டும் D, F பத்திகளில் போட்டுப் பார்த்தேன்:

```
=AVEDEV(D2:D7)   → 5.67
=AVEDEV(F2:F7)   → 4
```

இரண்டு விடையும் கையேட்டோடு ஒத்துப்போகின்றன. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றை ஏன் தேட வேண்டும்?

தாமஸ் எழுதியது:

நான் சதவீதப் பிழை பார்க்கிறவன். ஒவ்வொரு வாரப் பிழையையும் அந்த வாரச் செலவால் வகுத்துச் சராசரி எடுப்போம். எங்களிடம் சில உதிரிகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் நகரும். நடுவில் எல்லாம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால் விரிதாள் `#DIV/0!` என்று நிற்கிறது. அந்த வாரங்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டால், ஒன்றும் விற்காத வாரத்தில் பத்து வாங்கி வைத்த தவறு கணக்கிலேயே வராமல் போகிறது. இதற்கு என்ன வழி? செல்வியின் கையேட்டில் ஏதாவது சொல்லியிருக்கிறதா?

பார்வதி எழுதியது:

தாமஸ், உங்கள் சிக்கல் உண்மையானதுதான், ஆனால் செல்வி கேட்டது வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த உதிரிகளுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையிலேயே அளவு பாருங்கள். மீதியைத் தனி இழையில் பேசலாம்.

முருகவேள், உங்கள் இரண்டு விடையும் சரி. ஆனால் அவை சரியாக வந்தது உங்கள் கட்டளையால் அல்ல.

`AVEDEV` என்ன செய்கிறது? கொடுத்த எண்களின் சராசரியை முதலில் எடுக்கிறது. பிறகு ஒவ்வொரு எண்ணும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கிறது. முன்கணிப்பில் நாம் பார்ப்பது பூச்சியத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை. முறை 1-இன் பிழைகளைக் குறியோடு கூட்டினால் பூச்சியம். அவற்றின் சராசரியே பூச்சியம் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டன. முறை 2-இல் பிழைகளின் சராசரி 4. அதிலிருந்து தள்ளி நிற்கும் தூரங்கள் 3, 2, 3, 2, 2, 12, கூட்டினால் 24. பிழைகளை நேரே கூட்டினாலும் 24. முழுக்கத் தற்செயல்.

நம்பிக்கை வராவிட்டால் முறை 2-இன் கணிப்பு ஒவ்வொன்றிலும் 10 குறைத்துப் பாருங்கள். பிழைகள் 11, 12, 11, 12, 12, 26 ஆகும். `AVEDEV` அப்போதும் 4 என்றே சொல்லும். உண்மையில் வாரத்துக்குச் சராசரியாக 14 தவறியிருக்கிறோம். கெட்ட முறையை நல்ல முறை என்று நம்ப வைக்க இதைவிட எளிய வழி கிடையாது. எழுத வேண்டியது இது:

```
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/6
```

இதில் B செலவு, C கணிப்பு.

பெயருக்கு வருகிறேன். செலவுப் பத்தியின் சராசரி 54. அதிலிருந்து விலகல்கள் 2, 7, 1, 5, 1, 14; சராசரி 5. பள்ளியில் நாம் படித்த சராசரி விலக்கம் இந்த 5தான். இதில் எந்த முன்கணிப்பு முறையும் இல்லை, செலவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது மட்டுமே இருக்கிறது. ஒரே பக்கத்தில் அதையும் இதையும் ‘சராசரி விலக்கம்’ என்று எழுதினால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது அவர்கள் தலைவலி, நாம் அதை இறக்குமதி செய்ய வேண்டாம். (அந்த 5-ஐ முறை 1-இன் 5.67-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரம் தவறாமல் 54 என்று சொல்லிக்கொண்டிருந்தால்கூட பொறுப்பாளரைவிடக் குறைவாகத்தான் தவறியிருப்போம். ஆறு வாரமும் முடிந்த பிறகு எடுத்த 54 அது, எனவே அவர் மேல் ரொம்பவும் பாய வேண்டாம்.)

என் கருத்து: விலக்கம் என்ற சொல் நடுவிலிருந்து விலகுவதற்கே இருக்கட்டும். இங்கே ‘பிழை’ என்போம். குறி நீக்கிய மதிப்புக்குப் பாடநூல்களில் ‘மட்டு’ இருக்கிறது. ஆகவே ‘சராசரி மட்டுப்பிழை’. பிழைகளை வர்க்கமாக்கி எடுக்கும் சராசரிக்கு ‘சராசரி வர்க்கப்பிழை’ என்று இணையாகவும் அமையும்.

நஸ்ரின் எழுதியது:

பார்வதி அம்மா சொன்ன கணக்கு புரிகிறது. ஆனால் ‘மட்டுப்பிழை’ என்று கிடங்கில் சொன்னால் ‘பிழை கொஞ்சம்தான்’ என்றோ, ‘மட்டமான பிழை’ என்றோ நினைப்பார்கள். எண்கணிதத்தில் வகுத்து மீதி பார்க்கும் இடத்திலும் மட்டு என்றே படித்த நினைவு. ‘பிழை’யும் எனக்கு உறுத்துகிறது. யாரோ செய்த குற்றம் போல் ஒலிக்கிறது. 50 என்றோம், 52 ஆனது. இது இலக்கு இரண்டு தவறியது, அவ்வளவுதானே? ‘தவறல்’ என்று சொல்லலாமே. எந்தப் பக்கம் தவறினாலும் தவறல்தான், குறியை நீக்கு என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். ‘சராசரித் தவறல் 4’ என்றால் யாருக்கும் விளங்கும்.

இன்னொன்று. கிடங்கில் நிற்கிறவள் என்ற முறையில் எனக்கு முறை 2 மேல் என்று ஒப்பவில்லை. ஆறாம் வாரம் பதினாறு வடிகட்டி இல்லாமல் இயந்திரங்கள் நின்றிருக்கும். பொறுப்பாளர் அந்த வாரம் 74 என்று சொன்னதைப் பாருங்கள். பெரிய பராமரிப்பு வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன ஆண்டுப் பதிவேட்டுக்கு அது தெரியாது.

முருகவேள் எழுதியது:

`AVEDEV` விஷயத்தில் தோற்றேன். பத்தைக் குறைத்துப் பார்த்தேன், அசையாமல் 4 என்றுதான் நிற்கிறது. நஸ்ரின் சொல்வதைப் பார்த்தால் முறை 1-தான் நல்லது போல. பிழைகளின் கூட்டுத்தொகையே பூச்சியமாயிற்றே, அதைவிடத் துல்லியம் வேறென்ன?

பார்வதி எழுதியது:

ஐயா, பூச்சியம் வந்ததற்குக் காரணம் துல்லியம் இல்லை. ஒரு வாரம் ஆறு கூட, மறு வாரம் ஆறு குறைய என்றாலும் கூட்டுத்தொகை பூச்சியம்தான். ஒரு பக்கமாகச் சாயவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். ஒவ்வொரு வாரமும் ஐந்தோ ஆறோ தவறியது தவறியதுதான்.

சாய்வு இருப்பது முறை 2-இல். ஆறு பிழையும் ஒரே குறி. மொத்தப் பிழை 24-ஐச் சராசரியான 4-ஆல் வகுத்தால் 6 வருகிறது. இந்த விகிதம் 4-ஐத் தாண்டினாலே சாய்வைச் சந்தேகிப்பது வழக்கம். ஆறு வாரக் கணக்கில் அது 6-க்கு மேல் போகவே முடியாது, ஆக இங்கே உச்சத்தில் இருக்கிறது. காரணமும் தெரிகிறது. செலவு போன ஆண்டைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, முறை அதைக் கவனிக்கவில்லை.

நஸ்ரின் சொன்ன 16-க்கும் கணக்கு இருக்கிறது. வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் முறை 1-க்கு 32.33, முறை 2-க்கு 45. தீர்ப்பு தலைகீழ். 16-இன் வர்க்கம் 256, மற்ற ஐந்து வாரத்து வர்க்கங்களும் சேர்ந்தே 14தான். ஒரே ஒரு பெரிய தவறு எட்டுச் சிறிய தவறுகளைவிட மோசம் என்கிற இடத்தில் வர்க்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அலகுத் தவறுக்கும் ஒரே செலவு என்றால் குறி நீக்கிய சராசரி போதும். இது அட்டவணைக்குள் இருக்கிற விடை இல்லை, கிடங்கைக் கேட்க வேண்டிய கேள்வி.

நானாக இருந்தால் முறை 2-ஐ எடுத்து, வாரத்துக்கு 2 கூட்டுவேன். பிழைகள் −1, 0, −1, 0, 0, 14 ஆகும். சராசரி 2.67-க்கு இறங்கும். மிச்சமிருக்கும் 16 தவறலில் 14 அந்தப் பராமரிப்பு வாரத்துடையது, அதைப் பொறுப்பாளரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த 2-ஐ இதே ஆறு வாரத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். அடுத்த சில வாரங்களில் நின்று காட்டினால்தான் நம்புவேன்.

பார்த்தீர்களா, நானே ‘தவறல்’ என்று எழுதிவிட்டேன்.

செல்வி எழுதியது:

சரி, கையேட்டில் ‘சராசரித் தவறல்’ என்று போட்டுப் பார்க்கிறேன். வாய்விட்டுப் படித்தால் தடங்கவில்லை. ஆனால் சொல்லடைவில் ‘சராசரி மட்டுப்பிழை’யையும் சேர்க்கிறேன், புள்ளியியல் படித்தவர்கள் தேடினால் கிடைக்கட்டும். பயிற்சியின் கடைசி வரியை மாற்றலாமா என்று மூல ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

முருகவேள் எழுதியது:

தவறல் நல்ல சொல்தான். அப்படியானால் ‘வர்க்கத் தவறல்’ என்பீர்களா? அடுத்த அத்தியாயத்தில் ‘பிழை’ என்று வேறு பொருளில் வந்தால்? இலங்கைப் பாடநூல்களில் திட்ட விலக்கத்தையே ‘நியம விலகல்’ என்கிறார்கள். அவர்களுக்கும் ‘விலக்கம் நடுவிலிருந்து மட்டும்’ என்ற நம் பங்கீடு ஒத்துவருமா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது சொன்னால் நல்லது.