முதல் நோட்டீஸ், தலைப்பு சரியா? அவசரம்

சேலத்துப்பொண்ணு: நாளைக்குக் காலையில பிரஸ்ஸுக்குக் கொடுக்கணும். ஏ5, ஒரு பக்கம், பேப்பருக்குள்ள வச்சுப் போடறதுக்கு. தலைப்பு “தரம்! சுவை! ஆரோக்கியம்!” இதைவிடப் பளிச்சுன்னு ஏதாவது சொல்லுங்க.

கதிர்: என்ன பொருள்? யாரு வாங்குவாங்க?

அச்சுக்கோர்ப்பு: பழைய இழைகளைப் படிச்சிட்டுக் கேக்கற பழக்கமே யாருக்கும் இல்ல. இந்த மூணு சொல்லையும் ஊறுகாய்க்கும் போடலாம், காபித்தூளுக்கும் போடலாம். அப்போ அது தலைப்பே இல்லம்மா.

மெழுகுராணி: என் வாசனை மெழுகுவர்த்தி நோட்டீஸ்ல தள்ளுபடியைத்தான் மேல போட்டிருக்கேன். நீங்களும் அதையே போடுங்க.

கதிர்: புதுப் பொருளுக்கு வழக்கமான விலையே யாருக்கும் தெரியாதே, தள்ளுபடின்னா எதுல இருந்து குறையுதுன்னு புரியாது. முதல்ல பொருளைச் சொல்லட்டும்.

சேலத்துப்பொண்ணு: சொல்ல மறந்துட்டேன், இட்லி மாவு. கிலோ பாக்கெட். காலையில அரைச்சு உடனே பிரிட்ஜ், சாயங்காலம் விற்பனை. சோடா கிடையாது. வேலைக்குப் போறவங்கதான் அதிகம் வாங்கறாங்க.

கதிர்: நீங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் “அதனால வாங்கறவங்களுக்கு என்ன?”ன்னு கேளுங்க. அரைச்ச உடனே பிரிட்ஜுக்குப் போறதால மாவு சீக்கிரம் புளிக்காது. வேலைக்குப் போறவங்க ஒரு தடவை வாங்கி ரெண்டு மூணு நாள் ஓட்டலாம். தலைப்பு அதுதான்:

“பிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாளும் புளிக்காத இட்லி மாவு”

பொருள் பேரும் உள்ளேயே வந்துடுது. “பிரிட்ஜில் வைத்தால்” என்பதை எடுத்துடாதீங்க, வெளிய வச்சவங்க சண்டைக்கு வருவாங்க. அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பாக்கெட்டை ஒரு மணி நேரம் வெளிய வச்சுட்டு அப்புறம் பிரிட்ஜுல வைங்க. வாங்கறவங்க வீட்டுக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். மூணாம் நாள் இட்லி ஊத்திப் பாருங்க. புளிச்சா “இரண்டாம் நாளும்”னு மாத்துங்க.

அச்சுக்கோர்ப்பு: “சோடா இல்லை”தான் தலைப்பு. மாவு வாங்கறவங்க பயப்படறதே அதுக்குத்தான்.

கதிர்: அந்த சந்தேகமே இல்லாதவங்களுக்கும் அதைக் கிளப்பி விடும். தலைப்புக்குக் கீழ சின்னதா போடலாம்.

அச்சுக்கோர்ப்பு: பயத்தைப் போக்கறதும் பலன்தான். நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா ரெண்டையும் சேர்த்து ஒரே தலைப்புல திணிச்சா ரெண்டுமே நிக்காது, அது உண்மை. இன்னொண்ணு, தலைப்பு ரெண்டு வரிக்கு மேல போகவேண்டாம், தடிச்ச எழுத்து. பிரஸ்ல வேற ஃபாண்ட்டுக்கு மாத்தினா கொம்பும் காலும் இடம் மாறும். அச்சுக்கு முன்னாடி புரூஃப் வாங்கி எழுத்து எழுத்தா பாருங்க.

மெழுகுராணி: சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு சேர்க்கலாமே?

கதிர்: வேண்டவே வேண்டாம். நோய் குணமாகும்ங்கற மாதிரி உணவு விளம்பரத்துல எழுதக்கூடாது, சட்டச் சிக்கல் வரும்.

சேலத்துப்பொண்ணு: பிரஸ்ல நாலு நாள் தள்ளிக் கேட்டிருக்கேன். பாக்கெட் பிரிட்ஜுல இருக்கு.