14 அங்குல 4கே திரையா, 15.6 அங்குலத் திரையா? குறைபார்வையோடு லேப்டாப் வாங்கிய அனுபவங்கள்

தென்றல்
இரண்டு கண்ணிலும் மாக்குலா பாதிப்பு. நடுவில் பார்ப்பதெல்லாம் மங்கல், ஓரப்பார்வை நன்றாக இருக்கிறது. இப்போது இருப்பது 14 அங்குல லேப்டாப், 1920×1080. ஸ்கேலை 150% வைத்து, திரையிலிருந்து சுமார் 20 செ.மீ. தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்த்தான் படிக்கிறேன். நாள் முழுக்கக் கணக்கு வேலை, மாலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இதை மாற்றலாம் என்றிருக்கிறேன். 14 அங்குலத்திலேயே 4கே திரை வாங்குவதா, 15.6 அங்குலத்தில் சாதாரண 1080 திரை வாங்குவதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

விடியல்
யோசிக்காமல் 4கே எடுங்கள். நான் மாறிய அன்றே எழுத்து அவ்வளவு தெளிவாகிவிட்டது. ரெசல்யூஷன் கூடினால் படிப்பது சுலபமாகிவிடும்.

நடுப்புள்ளி
தென்றல், எனக்கும் உங்களைப் போலத்தான், மாக்குலா. விடியல் தெளிவு பற்றிச் சொன்னது சரி. ஸ்கேலை ஏற்றும்போது 4கே திரையில் எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். ஆனால் எழுத்தின் அளவை அது கூட்டாது. 14 அங்குல 4கே-வில் 300% வைத்தால் கிடைப்பது, உங்களிடம் இப்போது 150%-இல் இருக்கும் அதே உயர எழுத்துதான். திரையில் அடங்கும் வரிகளும் அதே அளவுதான். 20 செ.மீ. அப்படியே 20 செ.மீ.யாகவே இருக்கும், கழுத்து வலியும் போகாது.

15.6 அங்குலத்தைப் பார்ப்போம். ரெசல்யூஷனும் ஸ்கேலும் மாறாவிட்டால், எழுத்து திரையின் அளவுக்கு ஏற்ப வளரும். 15.6-ஐ 14-ஆல் வகுத்தால் 1.11. அதாவது 20 செ.மீ.யில் படித்ததை 22 செ.மீ.யில் படிக்கலாம். இரண்டு செ.மீ.க்காகவா ஒரு புது லேப்டாப்? அதே 1080 ரெசல்யூஷனில் 24 அங்குலத் தனி மானிட்டர் வைத்து, அதே 150%-இல் பாருங்கள். 24-ஐ 14-ஆல் வகுத்தால் 1.71. கண்ணுக்கு அதே அளவில் தெரிய 34 செ.மீ. தள்ளி உட்காரலாம்.

இன்னொரு விஷயம். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோனால் முதுகு வளைந்தே தீரும். தனி மானிட்டரை மேசையில் பூட்டும் நீட்டு கையில் மாட்டினால் திரை உங்களிடம் வரும். மானிட்டரின் பின்புறம் அதற்கான நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் இருப்பதில்லை.

மழைச்சாரல்
நானும் தினமும் எட்டு மணி நேரம் திரை பார்ப்பவள்தான். கண் எரியும், மங்கும். நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி போட்ட பிறகு பரவாயில்லை. லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் அதை முயன்று பாருங்களேன்?

நடுப்புள்ளி
மழைச்சாரல், உங்களுக்கு வருவது கண் களைப்பு. தென்றல் சொல்வது விழித்திரையின் நடுப்பகுதி பாதிப்பு, அந்தக் கண்ணாடியால் அது மாறாது.

குழல்வழி
பெரிய மானிட்டரை எல்லோருக்குமான தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. தென்றலுக்கு நேர்மாறு, நடுவில் தெரிகிறது, சுற்றிலும் தெரியாது. ஒருமுறை 27 அங்குல மானிட்டரில் வேலை பார்த்தேன். மவுஸ் அம்பு எங்கே என்று தேடுவதிலேயே பொழுது போனது. மூலையில் எழும் அறிவிப்பு கண்ணிலேயே படாது. இப்போது 14 அங்குலம், 125%. எழுத்தை அதற்கு மேல் பெரிதாக்கினால் ஒரு பார்வையில் இரண்டு மூன்று சொல்தான் அடங்குகிறது. எனக்கு உதவுவது அளவைவிட கான்ட்ராஸ்ட்தான். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்திருக்கிறேன். மவுஸ் அம்பையும் பெரிதாக்கி நிறம் மாற்றியிருக்கிறேன்.

பளபளப்புத் திரை மட்டும் வேண்டாம். அதில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் எனக்குத் திரையில் பாதி இல்லை. கடையில் திரையை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் உங்கள் முகம் கண்ணாடிபோலத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

விடியல்
ஓஎல்இடி திரை எப்படி? கறுப்புப் பின்னணி வைத்தால் அந்த இடத்தில் வெளிச்சமே வராதே. கூச்சம் உள்ளவர்களுக்கு நல்லதுதானே?

குழல்வழி
கறுப்பு நிஜமான கறுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தவை பெரும்பாலும் பளபளப்புத் திரைகள். வெளிச்சத்தைக் குறைத்தால் சிலவற்றில் நுண்ணிய மினுக்கல் வரும். எனக்கு அது தலைவலி தந்தது. என் நண்பர் அதே திரையில் நிம்மதியாக வேலை பார்க்கிறார்.

செவிவழி
நான் திரையை அநேகமாகப் பார்ப்பதில்லை, என்விடிஏ திரைவாசிப்பான் படித்துக் காட்டுகிறது. இலவசம்தான், சாதாரண லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும். அதனால் நான் பணத்தைத் திரையில் போடுவதில்லை, விசைப்பலகையைத்தான் பார்ப்பேன். என்விடிஏ கட்டளைகளுக்கு Insert விசை அடிக்கடி வேண்டும். சில லேப்டாப்பில் அது Fn விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். அப்படி இருந்தால் அமைப்பில் Caps Lock-ஐ என்விடிஏ விசையாக மாற்றிக்கொள்ளலாம். வலப்பக்க எண்பகுதி இருந்தால் 7, 8, 9 விசைகளை வைத்து முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி என்று ஓடலாம். கணக்கு வேலைக்கும் அது வேண்டும்தானே?

கண்ணால் படிப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானோ உள்ளே உள்ளதைத்தான் படிக்கும். 'அம்மா' என்று உங்களுக்குத் தெரிவது அதற்கு `mk;kh`. யூனிகோடுக்கு மாற்றினால்தான் என் காதில் தமிழாக விழும்.

தென்றல்
நன்றி. நடுப்புள்ளி சொன்னபடி தோழியின் 24 அங்குல மானிட்டரை என் பழைய லேப்டாப்பிலேயே இணைத்துப் பார்த்தேன். 150%-இல் ஒரு கை தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்து கணக்குத்தாளைப் படிக்க முடிந்தது. ஆசையில் 225% வைத்தேன். எழுத்து அருமை, ஆனால் சேமிக்கும் பெட்டியின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. பொத்தானே தெரியவில்லை.

நடுப்புள்ளி
அது எதிர்பார்த்ததுதான். 1920×1080-ஐ 225% பெரிதாக்கினால் மிஞ்சும் இடம் சுமார் 853×480 திரைக்குச் சமம். பல பெட்டிகள் அதைவிட உயரமானவை. ஸ்கேலை 150%-இல் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு வேண்டியபோது மட்டும் மேக்னிஃபையரைத் திறங்கள். விண்டோஸ் விசையும் + விசையும் சேர்ந்தால் திறக்கும், விண்டோஸ் விசையும் Esc-உம் சேர்ந்தால் மூடும். அதில் Ctrl + Alt + I அழுத்தினால் நிறங்கள் தலைகீழாகும், வெள்ளைத் தாள் கூசும்போது உதவும். நீண்ட ஆவணங்களுக்குச் செவிவழி சொன்ன என்விடிஏவையும் கூடவே ஓடவிடலாம். எண்களைக் கண்ணால் பார்த்து, பத்திகளைக் காதால் கேட்பேன்.

தென்றல்
அப்போ பழைய லேப்டாப்பையே வைத்துக்கொண்டு மானிட்டரும் நீட்டு கையும் வாங்குகிறேன். ஆனால் வெளியே போய் வேலை பார்க்கும் நாட்களுக்கு என்ன வழி? மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

செவிவழி
அந்த நாட்களுக்காவது திரைவாசிப்பானைப் பழகிவிடுங்கள். வீட்டில் கண் நன்றாகத் தெரியும்போதே தொடங்குவது நல்லது. வேகத்தைக் குறைத்து வைத்து, தினமும் மின்னஞ்சல் மட்டும் காதால் படியுங்கள்.

குழல்வழி
லேப்டாப்பை உயர்த்தி வைக்கும் மடக்குத் தாங்கியும் சிறிய தனி விசைப்பலகையும் ஒரு பையில் அடங்கும். திரை முகத்துக்கு நேரே வந்துவிடுவதால் நான் குனிவதில்லை. உங்கள் 20 செ.மீ. தூரத்துக்கு அது போதுமா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.